நடுமடிப்பு நிழலும் வளைந்த ஓரமும்: படம் எடுத்த புத்தகப் பக்கத்தைச் சீர்செய்வது எப்படி?

தடித்த புத்தகத்தை விரித்து வைத்து மேலிருந்து படம் எடுத்தால் இரண்டு குறைகள் தவறாமல் வந்து சேரும். புத்தகத்தின் முதுகை ஒட்டிய பகுதி கரிய பட்டையாகத் தெரியும். தாளின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நேராக ஓடாமல், முதுகை நெருங்க நெருங்க உட்புறமாக வளையும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இரண்டையும் கத்தரிக்கும் கருவி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். நிழல் முழுவதையும் வெட்டினால் வரியின் கடைசி எழுத்துகளும் சேர்ந்து போகும். எழுத்துகளை விட்டுவைத்தால் நிழலும் கூடவே நிற்கும். வளைந்த விளிம்பைச் செவ்வகத்தால் வெட்டும்போதோ, ஒரு மூலையில் மேசை தெரியும், மறு மூலையில் பக்க எண் பாதியாகும்.

செவ்வகம் தோற்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு குறைகளும் தனித்தனி நோய்கள் அல்ல. தாள் முதுகை நோக்கிச் சரிந்து இறங்குகிறது என்ற ஒரே உண்மையிலிருந்து இரண்டும் பிறக்கின்றன. அந்தச் சரிவைப் புரிந்துகொண்டால் எதை வெட்ட வேண்டும், எதை வெளுக்க வேண்டும், எதை நிமிர்த்த வேண்டும் என்பது தானாகவே பிரிந்துவிடும்.

ஒரே சரிவு, மூன்று விளைவுகள்

பக்கத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய தட்டையாக, கேமராவை நேராகப் பார்த்தபடி இருக்கிறது. முதுகை நெருங்கும்போது தாள் சாய்கிறது. 60 டிகிரி சாய்ந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கு நேர் மேலே இருந்தால், சாய்ந்த அந்த இடத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் தட்டையான இடத்துக்குக் கிடைக்கும் ஒளியில் பாதிதான் கிடைக்கும். போதாததற்கு எதிர்ப்பக்கத்தின் மேடு பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியையும் மறைக்கிறது. இதுதான் நிழல்.

அதே 60 டிகிரி சாய்வு, மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அந்த இடத்தின் அகலத்தையும் பாதியாகக் காட்டும். அதனால்தான் முதுகருகில் எழுத்துகள் நெருக்கியடித்து ஒல்லியாகத் தெரிகின்றன. தாள் சாய்வதோடு தாழவும் செய்கிறது. கேமராவிலிருந்து விலகிய பொருள் சிறிதாகத் தெரியும். சிறிதாவது என்றால் படத்தின் மையத்தை நோக்கிச் சுருங்குவது. ஆகவே மேல் வரிகளின் முனை கீழே இறங்குகிறது. கீழ் வரிகளின் முனை மேலே ஏறுகிறது. நடுவில் உள்ள வரி மட்டும் கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். உங்கள் படத்தில் எல்லா வரிகளும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது இந்த வளைவு அல்ல, வெறும் சாய்மானம். படத்தைச் சுழற்றினாலே சரியாகிவிடும்.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காகிதம் வளையும், ஆனால் ரப்பரைப் போல இழுபடாது. பாதி சுருட்டிய பாயைப் போல அது ஒரு திசையில் மட்டுமே வளைகிறது. முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்தால் அந்தக் கோடு தாளின் எந்த இடத்திலும் நேர்கோடாகவே இருக்கும். வளைவு நீக்கும் மென்பொருள்கள் மேலே ஒரு வளைகோடு, கீழே ஒரு வளைகோடு என இரண்டை மட்டும் நம்மிடம் கேட்டுப் பெற்று, இடையிலுள்ள எல்லாவற்றையும் தாமே கணக்கிட்டுக்கொள்வது இந்தப் பண்பை நம்பித்தான். ஈரம் பட்டுக் கண்டபடி நெளிந்த தாளில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

ஒரு படம், அதன் எண்கள்

ஒரு படத்தை எண்களோடு பார்ப்போம். 14 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் உள்ள புத்தகம். அதில் ஓர் இடப்பக்கம். இடப்பக்கம் என்பதால் முதுகு வலப்புறத்தில் இருக்கிறது. வரிகள் நிழலுக்குள் போய் முடிகின்றன. கைபேசியின் 2x பெரிதாக்கத்தில், ஏறக்குறைய 35 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்த படம். அளவு 3000 × 4000 பிக்சல். தாளின் உயரம் 3700 பிக்சல்களை நிரப்புகிறது. அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 18 பிக்சல். அங்குலக் கணக்கில் 450. இந்த 450-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் வரியின் அடிக்கோட்டை அளக்கிறோம். பக்கத்தின் நடுவில் அது மேலிருந்து 560-ஆவது பிக்சலில் இருக்கிறது. வரியின் வலது முனையில் 600. அதாவது 40 பிக்சல் இறங்கியிருக்கிறது. கடைசி வரியோ நடுவில் 3400, முனையில் 3360. 40 பிக்சல் ஏறியிருக்கிறது. இந்த 40 எங்கிருந்து வந்தது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். வரி முடியும் இடத்தில் தாள் நடுப்பகுதியைவிட 1 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. 35 செ.மீ. தொலைவில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 3 சதவீதம். படத்தின் மையத்திலிருந்து 1440 பிக்சல் தள்ளியிருக்கும் வரி 3 சதவீதம் சுருங்கினால் 40-க்குச் சற்று மேல் வரும். இதே பக்கத்தைப் பெரிதாக்காமல், கைபேசியைப் பாதி உயரத்துக்கு இறக்கி எடுத்திருந்தால் வளைவு இரட்டிப்பாகியிருக்கும். தொலைவிலிருந்து பெரிதாக்கி எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அடுத்து வெளிச்சம். 0 என்பது முழுக் கறுப்பு, 255 என்பது முழு வெள்ளை என்ற அளவில் பார்த்தால், பக்கத்தின் நடுவில் வெறும் காகிதம் 205, மை 45. வரியின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் காகிதம் 105, மை 23. மடிப்பின் அடியில் காகிதமே 30-க்கு இறங்கிவிடுகிறது. எந்தப் படத் தொகுப்பு மென்பொருளிலும் நிறம் எடுக்கும் கருவியைக் காகிதத்தின் மேல் வைத்தால் இந்த எண்களைப் படிக்கலாம். அரை நிமிட வேலைதான். பிறகு நடப்பதெல்லாம் இந்த எண்களில்தான் அடங்கியிருக்கிறது.

மடிப்பைக் கண்டுபிடிப்பது

முதல் வெட்டு நடுமடிப்பில் விழ வேண்டும்; எதிர்ப்பக்கத்தைப் பிரித்து எறிய மட்டும். எழுத்தை நெருங்கி வெட்டும் வேளை இன்னும் வரவில்லை.

மடிப்பு எங்கே இருக்கிறது? மிகக் கறுத்த இடம்தான் மடிப்பு என்று தோன்றும். மென்பொருள்களும் பல நேரம் அப்படித்தான் ஊகிக்கின்றன. விளக்கு நேர் மேலே இருந்தால் அது சரி. விளக்கு இடப்புறம் இருந்தாலோ, இடப்பக்கம் முதுகை நோக்கி இறங்கும் சரிவு விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. வலப்பக்கத்தின் சரிவு விளக்கை எதிர்கொள்கிறது. அப்போது மிகக் கறுத்த பட்டை மடிப்பில் இராமல் இடப்பக்கத்துக்குள் நகர்ந்து, எழுத்துகளின் மேலேயே விழக்கூடும். அதை மடிப்பென்று நம்பி வெட்டினால் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்து போகும்.

நம்பத்தகுந்த அடையாளம் நிழலில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. இரு பக்கங்களின் மேல் விளிம்புகளும் வளைந்து வந்து ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் ஒரு கூரிய பள்ளம் தெரியும். கீழ் விளிம்பிலும் அப்படியே ஒன்று இருக்கும். இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடுதான் மடிப்பு. அது செங்குத்தாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சற்றுச் சாய்ந்திருந்தால் கோட்டையும் சாய்த்தே போடுங்கள். இந்தப் பள்ளங்கள் தெரிய வேண்டும் என்பதற்காகவே, ஒரு பக்கம் மட்டும் தேவையானாலும் எதிர்ப்பக்கத்தில் ஒரு விரல்கடை அளவாவது படத்துக்குள் வரும்படி எடுக்க வேண்டும்.

நம் படத்தில் மடிப்பு 2590-ஆவது பிக்சலில் இருக்கிறது. வரிகள் 2420-இல் முடிகின்றன. இடையிலுள்ள 170 பிக்சலில் எழுத்து எதுவும் இல்லை. அதில் பெரும்பகுதியைக் கடைசியில் தயக்கமின்றி வெட்டி எறியலாம். ஆனால் நிழல் 2420-இல் நின்றுவிடவில்லை. காகிதம் 205-லிருந்து மங்கத் தொடங்குவது 2100-க்கு அருகிலேயே. எழுத்தின் மேல் படிந்த அந்த 320 பிக்சல் நிழலை வெட்ட முடியாது, வெளுக்கத்தான் வேண்டும்.

வளைவை நீக்குவது

கைபேசியில் ஆவணம் எடுக்கும் செயலிகள் பலவற்றில் நான்கு மூலைகளை இழுத்துப் பொருத்தும் வசதி உண்டு. தட்டையான தாளுக்கு அது போதும். சாய்ந்த கோணத்தில் எடுத்த தாளைச் செவ்வகமாக்கிவிடும். வளைந்த பக்கத்துக்கு அது உதவாது. நான்கு புள்ளிகளுக்கு நடுவே விளிம்பு நேராக இருக்கிறது என்று கருதியே அது வேலை செய்கிறது. மூலைகள் பொருந்தும், நடுவில் வரிகள் வில்லாகவே நிற்கும்.

வளைவுக்கென்றே வசதி உள்ள கட்டற்ற மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுவது ஸ்கேன் டெய்லர். அதன் வழித்தோன்றலான `ScanTailor Advanced` இன்று அதிகம் புழங்குகிறது. படத்தை ஏற்றியதும் அது DPI, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல், எவ்வளவு என்று கேட்கும். கைபேசிப் படங்கள் பெரும்பாலும் 72 என்று ஒரு பொருளற்ற எண்ணைச் சுமந்து வருகின்றன. முதலிலேயே கணக்கிட்டு வைத்த 450-ஐ இங்கே கொடுங்கள். இதைத் தவறாகக் கொடுத்தால் எழுத்தின் பருமனைப் பற்றி மென்பொருள் போடும் கணக்கெல்லாம் பிசகும். புள்ளியைத் தூசி என்று துடைக்கும், தூசியை எழுத்தென்று வைத்துக்கொள்ளும்.

வேலை `Fix Orientation`, `Split Pages`, `Deskew`, `Select Content`, `Margins`, `Output` என்ற வரிசையில் நகர்கிறது. வளைவு நீக்கம் கடைசிக் கட்டமான `Output`-இல் `Dewarping` என்ற பெயரில் இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. `Select Content` கட்டத்தில் எழுத்துப் பகுதியைச் சுற்றி ஒரு பெட்டி வரைகிறோம். அப்போது பக்கம் இன்னும் வளைந்தேதான் இருக்கிறது. பெட்டியை எழுத்தோடு ஒட்டி இறுக்கமாகப் போட்டால், நிமிர்ந்த பிறகு வரியின் முனை பெட்டிக்கு வெளியே போய் வெட்டுப்படலாம். நெருக்கப்பட்ட எழுத்துகள் விரியும்போது வலப்புறம் இன்னும் இடம் கேட்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பெட்டியைச் சற்றுத் தாராளமாகவே விடுங்கள்.

தானியங்கி வளைவு நீக்கம் நீண்ட உரைநடைப் பக்கங்களில் நன்றாகவே வருகிறது. வரிகள் நிறைய இருப்பதால் அவற்றைப் பின்தொடர்ந்து வளைவை ஊகித்துக்கொள்கிறது. கவிதைப் பக்கத்தில், அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில், படமும் அட்டவணையும் கலந்த பக்கத்தில் அது தடுமாறும். சில நேரம் நேராக இருந்த வரியையும் நெளித்துவிடும். அங்கே `Manual` முறைக்கு மாறி, மேலும் கீழும் உள்ள வளைகோடுகளின் புள்ளிகளைக் கையால் இழுத்துப் பொருத்த வேண்டும்.

எதன் மேல் பொருத்துவது? தாளின் விளிம்பின் மேல் பொருத்தத்தான் கை போகும். முடிந்தவரை அச்சான வரியின் மேல் பொருத்துங்கள் என்பேன். தாளை வெட்டும் இயந்திரம் அச்சுக்கு இணையாகத்தான் வெட்டியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விளிம்பு நேரானாலும் எழுத்து சாய்ந்து நிற்கும் புத்தகங்கள் ஏராளம். மேல் கோட்டை முதல் முழு வரியின் அடிக்கோட்டிலும், கீழ்க் கோட்டைக் கடைசி முழு வரியின் அடிக்கோட்டிலும் வையுங்கள். தமிழில் அடிக்கோட்டைப் பிடிப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சு, பு, ழ போன்ற எழுத்துகளின் கால்கள் கீழே தொங்குகின்றன. ப, ட, ம போன்றவை தட்டையாக உட்காரும் கோட்டையே அடிக்கோடாகக் கொள்ள வேண்டும். கவிதையில் குறுகிய வரிகள் முதுகுவரை எட்டாது. அங்கே மட்டும் வேறு வழியின்றித் தாளின் விளிம்பைத் துணைக்கு அழைக்கலாம்.

நம் படத்தில் மேல் கோடு நடுவில் 560, முனையில் 600 என்று வளைந்து பொருந்துகிறது. மூன்று நான்கு புள்ளிகள் போதும். புள்ளிகளை அள்ளி வைத்தால் கோடு அலையாகிவிடும். முதுகுக்குப் பக்கத்தில் வளைவு கூர்மையாக இருப்பதால் அங்கே இரண்டு, மீதிப் பகுதிக்கு ஒன்றிரண்டு என்று வைத்தால் சரியாக வரும்.

வரி நேரானதும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். எழுத்தின் அகலத்தையும் பாருங்கள். வரியின் நடுவிலுள்ள ஒரு 'ம'வையும் முனையிலுள்ள 'ம'வையும் ஒப்பிட்டால், முனையில் இருப்பது இன்னும் ஒல்லியாக இருக்கக்கூடும். `Depth perception` என்ற நழுவுப்பட்டை இதற்காகத்தான். வளைகோட்டை எவ்வளவு ஆழமான பள்ளமாகக் கருதுவது என்பதை அது தீர்மானிக்கிறது. அதைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, இரண்டு 'ம'வும் ஒரே அகலத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தலாம்.

எப்போது இதையெல்லாம் செய்யாமல் விடலாம்? வரியின் முனை இறங்கும் அளவு எழுத்துயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவென்றால் நான் தொடமாட்டேன். நம் படத்தில் எழுத்துயரம் சுமார் 40 பிக்சல், இறக்கமும் 40. செய்தே ஆக வேண்டும்.

நிழலை வெளுப்பது

நிழல் படிந்த பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு வரம்பு எண் போதும் என்று நினைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வரம்புக்கு மேலிருந்தால் வெள்ளை, கீழிருந்தால் கறுப்பு. வரம்பை 130 என்று வைத்தால் வரியின் முனையில் 105 ஆக இருக்கும் வெறும் காகிதமே கறுப்பாகி, கடைசிச் சொல் மைக்கறையில் மூழ்கும். சரி, 100-க்கு இறக்குகிறோம். கடைசிச் சொல் தப்பிக்கிறது. ஆனால் பக்கத்தின் நடுவில் மெய்யெழுத்துகளின் மேலுள்ள சிறு புள்ளிகள், மை மெலிந்தும் குவியம் சற்றுக் கலங்கியும் 120 என்ற சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. அவை வெள்ளையாகி மறைந்துவிடுகின்றன. 'க்' எல்லாம் 'க' ஆகிறது. இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. நழுவுப்பட்டையை எத்தனை முறை நகர்த்தினாலும் அது கிடைக்கப்போவதில்லை.

வழி கழித்தலிலோ கூட்டலிலோ இல்லை, வகுத்தலில் இருக்கிறது. நிழலில் காகிதமும் மையும் ஒரே விகிதத்தில் மங்குகின்றன. நடுவில் 45-ஐ 205-ஆல் வகுத்தால் 0.22. முனையில் 23-ஐ 105-ஆல் வகுத்தாலும் அதே 0.22. ஆகவே ஒவ்வொரு பிக்சலையும் அந்த இடத்தில் வெறும் காகிதம் எவ்வளவு வெளிச்சமாக இருந்திருக்குமோ அந்த எண்ணால் வகுத்து, 255-ஆல் பெருக்கினால் போதும். காகிதம் எங்கும் 255 ஆகும், மை எங்கும் 56 ஆகும். நடுவிலிருந்த மெலிந்த புள்ளி 149 ஆகும். இப்போது வரம்பை 180 என்று வைத்தால் கடைசிச் சொல்லும் பிழைக்கிறது, புள்ளியும் பிழைக்கிறது.

வெறும் காகிதத்தின் வெளிச்சத்தை எங்கே போய்த் தேடுவது? படத்திலிருந்து எழுத்துகளை மட்டும் அழித்துவிட்டால் எஞ்சுவது அதுதான். எழுத்தின் கோடுகளைவிட அகலமான ஒரு சிறு சாளரத்தைப் படத்தின் மேல் நகர்த்தி, கறுப்புக் கோடுகளைச் சுற்றியுள்ள வெளிச்சத்தால் நிரப்பிவிடலாம். ஸ்கேன் டெய்லரில் `Equalize illumination` என்ற தேர்வைக் குறியிட்டால் இதற்கு இணையான வேலையை அது தானே செய்கிறது. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்குப் பைத்தானில் எட்டு வரிகள்:

```python
import cv2, numpy as np

img = cv2.imread("page.jpg", cv2.IMREAD_GRAYSCALE)
k = np.ones((41, 41), np.uint8)
bg = cv2.morphologyEx(img, cv2.MORPH_CLOSE, k)
bg = cv2.medianBlur(bg, 51)
out = cv2.divide(img, bg, scale=255)
cv2.imwrite("bg.png", bg)
cv2.imwrite("out.png", out)
```

41 என்ற எண்தான் இங்கே உயிர்நாடி. மில்லிமீட்டருக்கு 18 பிக்சல் உள்ள நம் படத்தில் 41 என்பது 2 மி.மீ.க்குச் சற்று அதிகம். சாதாரண எழுத்தின் கோடு அரை மில்லிமீட்டர்கூட இராது. தடித்த தலைப்பின் கோடும் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். `bg.png` கோப்பைத் திறந்து பாருங்கள். எழுத்துகளே இல்லாத, நிழல் மட்டும் வழிந்த வெற்றுத் தாள் தெரிந்தால் எண் சரி. எழுத்துகளின் ஆவி போன்ற தடங்கள் தெரிந்தால் எண் போதவில்லை, கூட்டுங்கள். எண்ணைக் கண்டபடி கூட்டினாலும் தொல்லைதான். சாளரத்தைவிட ஒடுங்கிய எந்தக் கறுப்பையும் அது எழுத்தாகவே எண்ணும். மடிப்பின் அடியிலுள்ள மெல்லிய கரிய கோடு வகுத்த பிறகும் அப்படியே நிற்பது இதனால்தான். அதை வெளுக்க மெனக்கெட வேண்டாம். அது வெட்டப்பட வேண்டிய பகுதியில்தான் இருக்கிறது.

இந்த வகுத்தலுக்கு ஓர் எல்லை உண்டு. காகிதம் 105 இருக்கும் இடத்தில் பெருக்கம் இரண்டரை மடங்குதான். படத்தில் இயல்பாகவே இருக்கும், மணல் தூவியது போன்ற சிறு ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. காகிதம் 30-க்கு இறங்கிய இடத்தில் பெருக்கம் எட்டரை மடங்கு. முன்பு ±4 ஆக இருந்த ஏற்ற இறக்கம் ±34 ஆகும். அங்கே எழுத்து இருந்திருந்தால் அது உப்பும் மிளகும் தூவியது போன்ற புள்ளிக் கூட்டத்துக்குள் போயிருக்கும். ஆகவே ஒரு தோராயக் கணக்கு: கடைசி எழுத்தருகே காகிதம் 60-க்கு மேல் இருந்தால் நம்பி வெளுக்கலாம், 40-க்குக் கீழே போனால் மென்பொருளோடு மல்லுக்கட்டாமல் படத்தைத் திரும்ப எடுப்பதே விரைவு.

பக்கத்தில் ஒளிப்படமோ கறுப்பு நிரம்பிய ஓவியமோ இருந்தால் வகுத்தல் அதையும் நிழலென்று கருதி வெளுத்துவிடும். முகத்தின் கருந்தலைமுடி சாம்பலாகும், இருண்ட வானம் வெளிறிப்போகும். ஸ்கேன் டெய்லரில் `Mixed` முறையைத் தேர்ந்து, `Picture Zones` தாவலில் படத்தைச் சுற்றி எல்லை வரைந்துவிட்டால், அந்தப் பகுதி கறுப்பு வெள்ளையாகாமல் தப்பும்.

கடைசியில் கத்தரி

வரிகள் நேராகி, காகிதம் வெளுத்த பிறகுதான் செவ்வகத்துக்கு வேலை வருகிறது. இப்போது அது பொருந்தும், ஏனென்றால் பக்கமும் செவ்வகமாகிவிட்டது.

வெளிப்புற ஓரத்தில் அடியிலிருக்கும் தாள்களின் விளிம்புகள் மெல்லிய கோடுகளாக அடுக்கடுக்காகத் தெரியும். சில படங்களில் கட்டைவிரலும் இருக்கும். அங்கே வெற்றிடம் தாராளம். விளிம்பிலிருந்து 2 மி.மீ., அதாவது 36 பிக்சல், உள்ளே தள்ளி வெட்டினால் எல்லாம் ஒழியும்.

முதுகுப்புறத்தில் கணக்கு வேறு. அங்கே விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது, எழுத்திலிருந்து அளக்க வேண்டும். மிக நீண்ட வரியின் கடைசி எழுத்தைக் கண்டுபிடித்து, அதற்கு 2 மி.மீ. வெளியே வெட்டுங்கள். நம் படத்தில் எழுத்துக்கும் மடிப்புக்கும் இடையே கிடந்த கருமையில் பெரும்பகுதி இந்த ஒரு வெட்டில் போய்விடும். அதற்கு உள்ளே இருப்பது ஏற்கெனவே வெளுக்கப்பட்டது.

இப்படி வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வோர் அளவில் வரும், முதுகுப்புறம் மூச்சுமுட்டும்படி ஓரமே இல்லாமல் இருக்கும். அதைச் சரிசெய்ய, போன ஓரத்தைப் படத்திலிருந்து மீட்கப் பார்க்க வேண்டாம். புதிய வெள்ளை ஓரம் சேர்த்துக்கொள்வதே வழி. `Margins` கட்டம் அதைத்தான் செய்கிறது. எழுத்துப் பகுதியைச் சுற்றி எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவு வெள்ளையைச் சேர்த்து, தாள் அளவைச் சமமாக்குகிறது. வகுத்தலுக்குப் பின் காகிதம் 255-ஐ எட்டிவிட்டதால் ஒட்டு தெரியாது. காகிதத்தின் பழுப்பு நிறத்தை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால் மட்டும் ஓரத்துக்கும் அதே பழுப்பைக் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் எழுத்தைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல ஒரு கோடு தெரியும். ஏதோவொரு மூலையில் அழுக்கு எஞ்சினால் `Fill Zones` தாவலில் அந்த இடத்தை மட்டும் கோடிட்டு நிரப்பிவிடலாம். மொத்த வேலையையும் மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

தூசி நீக்கும் தேர்வை, அதாவது `Despeckling`-ஐ, எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் அதன் அத்துமீறல் எளிதில் கண்ணில் படும். முற்றுப்புள்ளிகளும் i-யின் தலைப்புள்ளிகளும் காணாமல் போகும். தமிழில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. போன பிறகும் எஞ்சுவது ஒழுங்கான எழுத்தாகவே தெரியும், மேலோட்டமாகப் பார்த்தால் பிழை பிடிபடாது. ஆகவே மிக மென்மையான அளவிலிருந்து தொடங்குங்கள். ன், ம், ல் என்று முடியும் சொற்கள் தமிழில் மிகுதி என்பதால், இடப்பக்கங்களில் வரியின் கடைசி எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழாக மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். நிழலும் நெருக்கமும் தூசி நீக்கமும் ஒருசேரத் தாக்குவது அந்தச் செங்குத்து வரிசையைத்தான். வலப்பக்கங்களில் வரியின் முதல் எழுத்துகளை அப்படிப் பாருங்கள். சொல்லின் முதலில் மெய் வராது என்பதால் அங்கே ஆபத்து குறைவு. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பாமல் நிற்கின்றனவா என்பதை மட்டும் கவனித்தால் சரி.

கடைசி எழுத்தருகே காகிதம் 40-க்குக் கீழே இறங்கிய பக்கங்களைத் திரும்ப எடுக்கும்போது விளக்கின் இடத்தை மாற்றுங்கள். பக்கவாட்டில் இருந்த விளக்கைப் புத்தகத்தின் தலைமாட்டுக்குக் கொண்டுவந்து, முதுகின் நீளவாக்கில் ஒளி ஓடும்படி வைத்தால், இருபுற மேடுகளும் தடுக்காமல் ஒளி பள்ளத்துக்குள் இறங்கும். எடுக்கும் பக்கத்தை மட்டும் தட்டையாகக் கிடத்தி, எதிர்ப்பக்கத்தை அட்டையோடு சேர்த்துச் சுமார் 100 டிகிரிக்கு நிமிர்த்திப் பிடித்தால் சரிவும் குறையும். அப்படி எடுத்த படத்தில் கடைசி எழுத்தருகே மறுபடி எண்ணைப் படித்துப் பாருங்கள். 60-ஐத் தாண்டிவிட்டால் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.